தனி ராஜாவை ஓரத்துக்கு ஓட்டுவது: ராணியின் குதிரைத் தூரம்

“அண்ணா, ஸ்கூல் மெட்சில் எனக்கு ராணி இருந்தது, எதிரிக்கு ராஜா மட்டும்தான். செக் மேல செக் வச்சிக்கிட்டே போனேன், 30 மூவுக்கு மேல போயிருக்கும். கிளொக்ல ரெண்டு நிமிஷம்தான் மிச்சம். கடைசியில மூலையில ஸ்டேல்மேட் ஆகி அரைப் புள்ளி போச்சு. பெரிசா யோசிக்காம செய்யிற மாதிரி நிச்சயமான வழி ஏதாவது இருக்கா?”

இருக்கிறது தம்பி. முதலில் செக் வைப்பதை நிறுத்துங்கள். கடைசி மூவ் வரும்வரை ஒரு செக்கும் தேவையில்லை. இதைச் சொன்னால் தலவாக்கலைப் பக்கத்தில் சனிக்கிழமை என்னிடம் விளையாட வரும் பிள்ளைகளும் நம்புவதில்லை, செக் வைக்காமல் எப்படி ராஜா நகரும் என்று கேட்பார்கள். நகர்ந்துதான் ஆக வேண்டும், அதனிடம் வேறு காயே இல்லையே. மாட்டைப் பட்டிக்கு ஓட்டுகிறவர் தடியால் அடித்துக்கொண்டே போவதில்லை, சரியான பக்கத்தில் போய் நின்றால் மாடு தானாகத் திரும்பும். இங்கேயும் வேலை அதுதான்.

ஒரு நிலையை வைத்தே பேசுவோம், பலகை பக்கத்தில் இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வெள்ளை. உங்கள் சிப்பாய் b8-க்குப் போய் இப்போதுதான் ராணியாகியிருக்கிறது. உங்கள் ராஜா தூரத்தில், g2-இல். கறுப்பு ராஜா பலகையின் நடுவில், d5-இல், ஜாலியாக நிற்கிறது. உங்கள் மூவ். போனில் லிச்செஸ் வைத்திருந்தால் இதை ஒட்டினால் அதே நிலை வரும்:

```
1Q6/8/8/3k4/8/8/6K1/8 w - - 0 1
```

இந்த இடத்தில் கை தன்னால் போவது d8-க்கு, செக். வைத்துப் பார்த்துவிட்டு எண்ணுங்கள், கறுப்பு ராஜா எங்கெல்லாம் போகலாம்? c4, c5, c6, e4, e5, e6 என்று 6 கட்டம். அதாவது நீங்கள் ‘போ’ என்று விரட்டினீர்கள், எந்தப் பக்கம் என்பதை அது முடிவு செய்கிறது. அது நடுப்பக்கம்தான் ஓடும், முட்டாள் இல்லையே. நீங்கள் அடுத்த செக், அது மறுபடி நடுவுக்கு. உங்கள் 30 மூவும் அப்படித்தான் கரைந்திருக்கும்.

இப்போது அதே ராணியை செக் இல்லாமல் f4-க்குக் கொண்டுபோங்கள். d5-க்கும் f4-க்கும் இடையில் என்ன தூரம்? பக்கவாட்டில் 2, கீழே 1. ஒரு குதிரை தாவும் தூரம். இங்கிருந்து ராணி கறுப்பு ராஜாவை அடிக்கவில்லை, ஆனால் ராஜாவைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் 5-ஐ அடைத்துவிட்டது. c4, d4, e4 மூன்றும் ராணியின் கிடை வரிசையில் விழுகின்றன, e5, d6 இரண்டும் மூலைவிட்டத்தில் விழுகின்றன. திறந்திருப்பவை c5, c6, e6 மட்டும். செக் வைத்தால் 6 வழி, வைக்காவிட்டால் 3 வழி. இந்தக் கணக்கு ஒன்று மனதில் நின்றால் போதும், மீதி எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

குதிரைத் தூரத்தில் ராணி நின்றால் எப்போதும் இதே கணக்குத்தான், எதிரி ராஜா ஓரத்தைத் தொடாதவரை பலகையில் எந்த இடமானாலும். 5 அடைபடும், 3 திறந்திருக்கும். திறந்த மூன்றில் எதில் போனாலும் கறுப்பு ராஜா ராணியின் வேலியைத் தாண்டி உள்ளே வர முடியாது.

சரி, அது நகர்ந்த பிறகு நீங்கள் என்ன செய்வது? அது செய்ததையே செய்யுங்கள். ராஜா இடப்பக்கம் ஒரு கட்டம் போனால் ராணியையும் இடப்பக்கம் ஒரு கட்டம் வையுங்கள். அது மேலே குறுக்காகப் போனால் ராணியும் மேலே அதே குறுக்கில் ஒரு கட்டம். நிழல் மாதிரி. ராஜா போகக்கூடிய எந்தத் திசையிலும் ராணியும் போகும், அதனால் பலகை முடிந்துவிடாதவரை நகல் எடுப்பது சாத்தியம்; குதிரைத் தூரமும் மாறாது. கணக்குப் போடத் தேவையில்லை, எதிரியின் கையைப் பார்த்தால் போதும். கிளொக்கில் 2 நிமிடம் இருக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓட்டிப் பார்ப்போம். ராணி f4-இல். கறுப்பு ராஜா c6-க்குப் போகிறது, இடமும் மேலும் குறுக்காக. நீங்களும் அப்படியே, ராணி e5. இப்போது அதற்குத் திறந்தவை b6, b7, d7. b6-க்குப் போகிறது என்று வையுங்கள், ஒரு கட்டம் இடம். ராணி d5. கறுப்பு நடுப்பக்கம் நழுவப் பார்த்து c7-க்கு வருகிறது, வலமும் மேலும். ராணியும் வலமும் மேலும், e6. கவனித்தீர்களா, நடுப்பக்கம் வந்ததாக அது நினைத்தது, ஆனால் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. நிழல் முறையில் இதுதான் நடக்கும், பக்கவாட்டில் அங்குமிங்கும் போகலாம், இழந்த வரிசை திரும்பக் கிடைக்காது.

இனி c7-இலிருந்து b7, b8, d8 திறந்திருக்கின்றன. b7-க்குப் போனால் ராணி d6. அங்கிருந்து c8-க்குப் போனால், வலமும் மேலும், ராணி e7.

இங்கே நிறுத்துங்கள்.

கறுப்பு ராஜா கடைசி வரிசையில், c8-இல். ராணி அதற்கு அடுத்த வரிசையில், e7-இல். 7-ஆம் வரிசை முழுக்க ராணியின் வசம், எனவே ராஜா கீழே இறங்க முடியாது. d8-ஐயும் ராணி பார்க்கிறது. ஆக, அது நடமாடக்கூடிய இடம் a8, b8, c8 என்று 3 கட்டம் மட்டும். ஓட்டும் வேலை முடிந்தது. இனி ராணி கடைசி மூவ் வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையத் தேவையில்லை.

உங்கள் ஆட்டம் எங்கே கெட்டிருக்கும் என்று பார்ப்போம். நிழல் முறை தெரிந்த பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள், நன்றாகப் போகிறதே என்று மேலும் நகல் எடுப்பார்கள். கறுப்பு b8-க்குப் போகிறது, அவர்கள் ராணி d7. தப்பில்லை, இன்னும் a8 திறந்திருக்கிறது. கறுப்பு a8-க்குப் போகிறது, அவர்கள் அதே வேகத்தில் ராணி c7. ஆட்டம் முடிந்தது, டிரோ. a8-இல் நிற்கும் ராஜாவுக்கு a7, b7, b8 மூன்றுமே அடைபட்டுவிட்டன, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட் அதுதான்: செக்கில் இல்லை, ஆனால் சட்டப்படி போக ஒரு மூவும் இல்லை.

ஏன் மூலையில் மட்டும் இப்படி? மேலே சொன்ன 5-3 கணக்கைத் திரும்ப எடுங்கள். ராணி ராஜாவிலிருந்து வலப்பக்கம் 2, கீழே 1 என்று நிற்கும்போது திறந்திருக்கும் 3 கட்டங்கள் எவை? ராஜாவுக்கு நேர் இடம், இடது மேல் குறுக்கு, வலது மேல் குறுக்கு. பலகையின் நடுவில் மூன்றுமே இருக்கின்றன. ராஜா c8-இல் இருந்தால் மேலே பலகையே இல்லை, அதனால் அந்த இரண்டு குறுக்கும் போய்விடும், நேர் இடமான b8 மட்டும் மிஞ்சும். a8-இல்? இடப்பக்கமும் பலகை இல்லை, மேலேயும் இல்லை. திறந்திருக்க வேண்டிய மூன்றும் பலகைக்கு வெளியே போய் விழுகின்றன. நடுவில் எந்தத் தூரம் உங்களைக் காப்பாற்றியதோ அதே தூரம் மூலையில் காலை வாருகிறது.

ராணி தனியாக, உங்கள் ராஜாவின் உதவி இல்லாமல், ஸ்டேல்மேட் ஆக்கக்கூடிய இடங்கள் பலகையிலேயே 8 தான். ஒரு மூலைக்கு 2. a8-இல் ராஜா என்றால் ராணிக்கு b6-உம் c7-உம் ஆகாது. h8 என்றால் f7, g6. a1 என்றால் b3, c2. h1 என்றால் f2, g3. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன், ‘ராஜா மூலைக்குள் காலை வைத்தால் நகல் எடுப்பது நிற்க வேண்டும்’ என்று ஒரே வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகலை நிறுத்த வேண்டிய நேரம் சிலசமயம் எதிர்பாராமல் சீக்கிரம் வரும். மேலே ராணி d6-இலும் ராஜா b7-இலும் இருந்த நிலைக்குத் திரும்புங்கள். அது c8-க்குப் போகாமல் நேராக a8-க்குள் நுழைகிறது. அரைப் புள்ளிக்கு ஆசைப்படும் எதிரி இதைத்தான் போடுவான், நீங்கள் வேகமாக நகல் எடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில். நகல் என்றால் ராணி c7, அதே ஸ்டேல்மேட். அதற்குப் பதில் ராணியை நேராக ஒரு கட்டம் ஏற்றி d7-இல் வையுங்கள். 7-ஆம் வரிசை அடைபட்டது, b8 திறந்திருக்கிறது. a8, b8, a8, b8 என்று அது நடந்துகொண்டே இருக்கலாம், நீங்கள் நிம்மதியாக மற்ற வேலையைப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல், அபூர்வம்தான். கறுப்பு ராஜா வலப்பக்கமாகவே ஏறிப்போனால் ராணிக்குப் பலகை முடிந்துவிடும். f4-இல் தொடங்கியதையே எடுங்கள்: அது e6, ராணி g5, அது f7, ராணி h6, அது g8, இப்போது ராணிக்கு வலப்பக்கம் கட்டமே இல்லை. பதற வேண்டாம், வேறொரு குதிரைத் தூரத்துக்கு மாறினால் சரி. h6-இலிருந்து f6-க்கு நகருங்கள், அதுவும் g8-இலிருந்து குதிரைத் தூரம்தான். கறுப்புக்கு h7 ஒன்று மட்டும் மிஞ்சும். அங்கே போனதும் நகலாக ராணி g5, இப்போது அது வலது ஓரத்தில் h7, h8 இரண்டிலும் மாட்டிக்கொண்டது. h8-க்குப் போனால் ராணியைத் தொடாதீர்கள், g6 அந்த 8 இடங்களில் ஒன்று.

அப்புறம் உங்கள் ராஜா. ராணி மட்டும் மேட் செய்ய முடியாது, எத்தனை மூவ் கொடுத்தாலும் முடியாது. பக்கத்தில் வந்து நிற்க ராஜா வேண்டும். g2-இல் தூங்கிக்கொண்டிருந்ததை இப்போதுதான் எழுப்புகிறோம். ராணி e7, கறுப்பு b8-க்கு வருகிறது. நீங்கள் ராஜா f3. அது a8. நீங்கள் e4. அது b8. நீங்கள் d5. அது c8. நீங்கள் c6. கறுப்புக்கு இப்போது b8 ஒன்றுதான், d8 ராணியின் கையில் இருக்கிறது. அது b8-க்குப் போனதும் ராணி b7, மேட். ராணியை அடிக்கலாம் என்றால் c6-இலிருந்து உங்கள் ராஜா காவல், a8, c8, a7, c7 எல்லாம் ராணியின் வசம்.

முழு ஆட்டமும் ஒரே பார்வையில்:

```
1. Qf4 Kc6 2. Qe5 Kb6 3. Qd5 Kc7 4. Qe6 Kb7
5. Qd6 Kc8 6. Qe7 Kb8 7. Kf3 Ka8 8. Ke4 Kb8
9. Kd5 Kc8 10. Kc6 Kb8 11. Qb7#
```

11 மூவ். கணினி கொண்டு எல்லா நிலைகளையும் அலசியதில், வெள்ளையின் மூவ் என்றால் ராணிக்கு எதிராகத் தனி ராஜா அதிகபட்சம் 10 மூவ்தான் தாங்கும் என்று தெரியும். எனவே நாம் கொஞ்சம் சுற்றித்தான் போயிருக்கிறோம், போகட்டும். மிகக் குறுகிய வழியைத் தேடி 40 செகண்ட் உட்கார்ந்திருப்பதைவிடத் தெரிந்த வழியில் 11 மூவ் வேகமாகப் போடுவது நல்லது.

கறுப்பு ராஜா எந்தக் கட்டத்தில் இருக்கும்போது உங்கள் ராஜா c6-க்கு வந்து சேரும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், அதனால் கடைசி அடியும் மாறும். வந்து சேரும்போது அது b8-இல் இருந்தால் அடுத்து a8-க்கோ c8-க்கோ போகும். a8 என்றால் ராணி b7, மேட். c8 என்றால் ராணி c7, ராஜாவின் மூக்குக்கு நேரே, மேட். இதில் ஒரு வேடிக்கை: ராஜா c8-இல் இருந்தால் c7 மேட் தரும், a8-இல் இருந்தால் அதே c7 டிரோ தரும். அதனால் ‘இங்கே ராணி வைத்தால் வெற்றி’ என்று கட்டத்தைப் பாடமாக்கி வைக்காதீர்கள், எதிரி ராஜாவை ஒட்டி உங்கள் ராஜாவின் காவலோடு ராணி நிற்கும் உருவத்தைப் பார்த்துப் பழகுங்கள். செக் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். செக் இல்லாமல் மேட் இல்லை.

ராஜாவைக் கொண்டுவரும்போதும் ஸ்டேல்மேட் ஆகுமா என்று பயம் வரும். ராணி e7-இலோ d7-இலோ நிற்க, உங்கள் ராஜா 6-ஆம் வரிசைக்கு மேலே ஏறாமல் இருந்தால், ஆகவே ஆகாது. காரணம் எளிது. 6-ஆம் வரிசையில் நிற்கும் ராஜா 8-ஆம் வரிசைக் கட்டம் எதையும் அடைக்க முடியாது, எட்டாது. அங்கே அடைப்பதெல்லாம் ராணி மட்டும்தான், e7-இலிருந்து d8, e8, f8. d7-இலிருந்து c8, d8, e8. மூலைப்பக்கத்தில் கறுப்புக்கு எப்படியும் குறைந்தது 2 கட்டம் மிஞ்சும், ஒன்றில் நின்றால் மற்றதற்குப் போகலாம். அவசரப்பட்டு ராஜாவை 7-ஆம் வரிசைக்கு ஏற்றினால்தான் தொல்லை. கறுப்பு a8-இல் இருக்கும்போது உங்கள் ராஜா c7-க்குப் போய்விட்டது என்று வையுங்கள், e7-இல் இருக்கும் ராணியின் பாதையை நீங்களே மறித்துவிட்டீர்கள், கறுப்பு a7 வழியாக வெளியே வந்துவிடும். தோற்கமாட்டீர்கள், ஆனால் மறுபடி ஓட்ட வேண்டும், கிளொக் சும்மா இருக்காது.

மூலையே இல்லாமல் நடு ஓரத்திலும் ஸ்டேல்மேட் ஆகும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கறுப்பு ராஜா e8, உங்கள் ராஜா d6. ராணியை f6-க்கு வைக்கிறீர்கள், பார்க்க அழகாக இருக்கும், முடிந்துவிட்டது என்று தோன்றும். எண்ணுங்கள். f7, f8, e7, d8 நான்கும் ராணி. மிஞ்சியது d7, அதை உங்கள் ராஜா அடைத்திருக்கிறது. செக் இல்லை, மூவ் இல்லை, டிரோ. f6-க்கும் e8-க்கும் என்ன தூரம் என்று பாருங்கள், மறுபடியும் குதிரைத் தூரம். ராணி தனியாக இருந்தால் d7 திறந்திருக்கும், ஆபத்தில்லை. ராஜா வந்து அந்த ஒன்றையும் மூடியதுதான் வினை. எனவே எதிரி ராஜா ஓரத்தில், உங்கள் ராஜா பக்கத்தில் என்ற நிலை வந்த பிறகு ராணியைக் குதிரைத் தூரத்தில் நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் மறந்துபோனாலும் ஒரு பழக்கம் காப்பாற்றும். ராணியைத் தொடுவதற்கு முன்னால், தொட்ட பிறகு அல்ல, எதிரி ராஜா அடுத்து போகப்போகும் கட்டம் ஒன்றின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். ‘b8’. அவ்வளவுதான். பெயர் வரவில்லை, அது செக்கும் இல்லை என்றால் அந்த மூவ் ஸ்டேல்மேட். என் வகுப்பில் ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே விரலால் முழங்காலைத் தட்டி எண்ணுவாள்: மேலே, பக்கத்தில், குறுக்கே என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தட்டு, திறந்த கட்டம் வந்ததும் தட்டுவது நிற்கும், உடனே கை காய்க்குப் போகும். 2 செகண்ட்கூட ஆகாது. தொடுவதற்கு முன்னால் என்று அழுத்திச் சொல்வது ஏனென்றால், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி, கட்டத்தில் வைத்துக் கையை விட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. ஸ்டேல்மேட் ஆன மறுநொடி ஆட்டம் முடிந்துவிடும், கிளொக்கை அழுத்தவில்லை என்றெல்லாம் நடுவரிடம் வாதாட இடமில்லை.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இரு பக்கமும் 50 மூவ் போனால் எதிரி டிரோ கேட்கலாம், 75 ஆனால் கேட்காமலே டிரோ. பலகையில் சிப்பாயே இல்லாததால் உங்கள் கணக்கு ராணி பிறந்த மூவிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. 30 மூவ் செக்கிலேயே போனால் 20 தான் கையில் இருக்கும். அதற்குள்ளும் முடிக்கலாம், ஆனால் எதிரி எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்ததும் கை நடுங்கும். நேரம் தீர்ந்தாலும் தோல்வி இல்லை, தனி ராஜாவால் எந்த வழியிலும் மேட் செய்ய முடியாது என்பதால் உங்கள் கொடி விழுந்தால் அது டிரோதான். ஆக எந்தப் பக்கம் சறுக்கினாலும் இழப்பது அதே அரைப் புள்ளி. 2 நிமிடம் என்றால் 120 செகண்ட், 11 மூவுக்கு மூவுக்கு 5 செகண்ட் எடுத்தாலும் 55 செகண்டில் முடிந்துவிடும். நேரம் உங்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த 5 செகண்டை எங்கே செலவழிப்பது என்பதுதான் விஷயம். ஓட்டும்போது யோசிக்கவே வேண்டாம், நகல்தான், 2 செகண்ட் போதும். மிச்சம் பிடித்ததை இரண்டு இடத்தில் செலவழியுங்கள்: எதிரி ராஜா ஓரத்தைத் தொடும் மூவில், அப்புறம் மேட் போடும் மூவில். ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலை மழையில் ஸ்கூல் ஹோலில் உட்கார்ந்து விளையாடியவர்களுக்குத் தெரியும், விரல் விறைத்து ராணி பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிடும். காயைக் கட்டத்தின் நடுவில் வைத்து, வைத்ததைப் பார்த்து, பிறகு கையை எடுங்கள்.

பழகுவதற்கு, மேலே கொடுத்த நிலையையே எடுத்து வீட்டில் யாரையாவது கறுப்பு ராஜாவை நகர்த்தச் சொல்லுங்கள், செஸ் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, ராஜா ஒரு கட்டம் போகும் என்று சொன்னால் போதும். சொல்லப்போனால் தெரியாதவர் இன்னும் நல்லது, அவர் ஓர் ஒழுங்கில்லாமல் நகர்த்துவார், நிழல் மாதிரிப் பின்தொடர நன்றாகக் கை பழகும். ஒரே ஒரு சட்டம் மட்டும் வையுங்கள்: கடைசி மூவுக்கு முன்னால் நீங்கள் செக் வைத்தால் அந்த ஆட்டம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது சரளமாக வந்த பிறகு ராணியை a1-இலும் உங்கள் ராஜாவை h1-இலும் கறுப்பு ராஜாவை e5-இல் இல்லாமல் e4-இலும் வைத்து வெள்ளையின் மூவாகத் தொடங்கிப் பாருங்கள். e5-இல் வைத்தால் a1-இலிருந்து மூலைவிட்டத்தில் அது செக்காகிவிடும், வெள்ளையின் மூவில் அப்படி ஒரு நிலையே வராது. e4-க்கு முதல் மூவிலேயே குதிரைத் தூரத்தில் போய் நிற்க ராணிக்கு எந்தெந்தக் கட்டங்கள் எட்டும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், c3 அதில் ஒன்று.